வீடு என் பெயரில், நட்டம் அவர் பெயரில்

குண்டு விழுந்ததற்குக்கூட நான் இவ்வளவு கோபப்படவில்லை. ஜப்பான்காரனுக்கு என்னைத் தெரியாது. ஆகாயத்திலிருந்து போட்டான், போய்விட்டான். வரி மதிப்பீட்டாளர் இராசநாயகத்துக்கு எங்களை நன்றாகத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்து, என் புருஷன் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுத்தான் அவர் அந்த வேலையைச் செய்தார்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்த வீடு என் சீதனம். நொத்தாரிசு முன் எழுதிய உறுதிப் பத்திரத்தில் பத்மாசனி என்று என் பெயர்தான் இருக்கிறது. கலியாணம் முடித்த நாள் தொட்டு நாங்கள் அங்கேதான் இருந்தோம். யுத்தம் தொடங்கி, துறைமுகத்துக்குள் கப்பல்கள் வந்து குவிந்தபோது, ஊரில் வீட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி. மாட்டுக் கொட்டிலுக்கும் வாடகை கேட்டார்கள். நான்தான் சொன்னேன், மேலே இரண்டு அறை கட்டி வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் உப்புவெளியில் சின்னதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டு போவோம் என்று. கட்டுவதற்குக் காசு வேண்டும். வீட்டைச் செட்டியாரிடம் ஈடு வைத்தேன். கையெழுத்து வைத்ததும் நான்தான், என் வீடல்லவா. எங்கள் மகள் கமலாதேவிக்கு அந்த வீட்டைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். மேல் அறை இரண்டையும் அவளை மனதில் வைத்துத்தான் கட்டினேன்.

வாடகைக்கு வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஸெய்னுதீன். கப்பல்களுக்கு மரக்கறியும் கோழியும் கொடுக்கிற கொந்தராத்துக்காரர். மாதம் முடிய அடுத்த நாள் காலையில் வாடகை வந்துவிடும்; அதில் செட்டியாருக்கு வட்டி போனது போக எங்களுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் குண்டு விழுந்தது. எங்கள் வீட்டின்மேல் நேராக விழவில்லை. இரண்டு வளவு தள்ளி விழுந்ததே போதுமாக இருந்தது. கூரை ஓடு முழுக்கப் போனது, புதிதாகக் கட்டிய மேல் அறையின் சுவர் ஒன்று உள்ளே சரிந்தது. ஸெய்னுதீனும் பெண்சாதி ரபீக்காவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோணியில் கிண்ணியாவுக்குப் போனவர்கள்தான், பிறகு திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூரையில்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? திருத்துவோம் என்றால் ஓடு இல்லை, மரம் இல்லை, மேசனும் இல்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போனது. வீடு அந்த வருடம் முழுக்க வானம் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. செட்டியாரின் வட்டி மட்டும் சும்மா கிடக்கவில்லை.

அந்த வட்டியை என் புருஷன் சிவபாதம் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். அவர் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் தலைமைக் கிளாக்கர். நல்ல சம்பளம், வரி கட்டுகிற அளவுக்கு நல்ல சம்பளம். ஆனால் நாங்கள் இருந்த உப்புவெளி வீட்டுக்கு வாடகையும் கொடுத்து, செட்டியாருக்கும் கொடுத்து, யுத்தகால விலையில் அரிசியும் வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்?

வரிக் கணக்கு எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். தன்னுடையதை மட்டுமல்ல, கம்பனித் துரையுடைய கணக்கையும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவர் எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினார். சட்டம் ஒரு மனிதனுடைய வருமானத்தை முதலில் வகைவகையாகப் பிரித்துப் பார்க்குமாம். உத்தியோகச் சம்பளம் ஒரு வகை, வியாபாரம் ஒரு வகை, வீட்டு வாடகை ஒரு வகை. பிறகு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கூட்டும். அந்த மொத்தத்திலிருந்துதான் அந்த வருடம் கட்ட வேண்டியிருந்த வட்டியைக் கழிக்க வேண்டும். வியாபாரத்தில் நட்டம் வந்திருந்தால் அதையும் அந்த மொத்தத்தில்தான் கழிக்க வேண்டும். வாடகை வந்தால் வட்டி வாடகையைத் தின்னும். வாடகை வராவிட்டால் வட்டி சம்பளத்தைத் தின்னும். மிச்சமுள்ள சம்பளத்துக்குத்தான் வரி. ஓடு போனதையும் சுவர் விழுந்ததையும் கழிக்க முடியாது, அது சொத்துக்கு வந்த சேதம், வருமானத்தில் வந்த நட்டமில்லை என்றார். சரி என்றேன். நியாயமான சட்டமாகத்தான் இருந்தது.

“என்ர வீட்டு வாடகையை ஏன் உங்கட கணக்கில போடுறியள்?” என்று நான் கேட்டதும் அன்றைக்குத்தான்.

சேர்ந்து வாழுகிற பெண்சாதியின் வருமானம் புருஷனுடைய வருமானமாகவே எண்ணப்படும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்று தைத்தது. உறுதி என் பெயரில், ஈடு என் பெயரில், செட்டியார் கணக்குப்பிள்ளை கதவில் வந்து கூப்பிடுவதும் என் பெயரைத்தான். வருமானம் மட்டும் அவருடையதா? ஆனால் வரி கட்டுவது அவர்தானே என்று பேசாமல் விட்டுவிட்டேன். ஸெய்னுதீன் வாடகை தந்த காலமெல்லாம் அதை அவர் சம்பளத்தோடு கூட்டித்தான் வரி எடுத்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வரி எப்போதும் போன வருடத்து வருமானத்துக்குத்தான் வரும்; வரி வருடம் தொடங்குவதும் சித்திரையில்தான். ஆகவே குண்டு விழுந்த வருடத்துக் கணக்கு நாற்பத்துமூன்றில்தான் போனது. சம்பளம் இவ்வளவு, வாடகை இல்லை, வட்டி இவ்வளவு என்று அவர் எழுதியிருந்தார். சில மாதம் கழித்து எங்கள் கணக்கை வருடாவருடம் பார்க்கிற இராசநாயகம் கொழும்பிலிருந்து விசாரணைச் சுற்றில் வந்தார். அரசாங்கக் கந்தோர்களையெல்லாம் பட்டாளம் பிடித்துக்கொண்டதால், கண்ணாடி உடைந்த ஒரு பழைய பண்டகசாலை மண்டபத்தில் மேசை போட்டு ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். என் புருஷன் கம்பனியில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட காற்சட்டையோடு போனார்.

அங்கேதான் அவர் அந்தப் பிழையை விட்டார். எங்கள் பக்கத்து மரியாதையான ஆம்பிளைகள் எல்லோரும் விடக்கூடிய பிழை அது. சீதன வீட்டை “என்ர வீடு” என்று சொல்லுகிற மாப்பிள்ளையை இங்கே ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பெண்சாதியின் சொத்தில் வாயூறுகிறான் என்பார்கள். நல்ல மனிதன் என்று பெயர் எடுத்தவன், அந்த வீட்டில் ஐம்பது வருடம் இருந்தாலும், அது அவவின் வீடு, எனக்கு அதில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவான். இராசநாயகம் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, அந்த வீடு யாருடையது என்று கேட்டிருக்கிறார். இவரும் சபையில் சொல்லுகிற மாதிரியே சொல்லிவிட்டார்.

“அது அவவின்ர சீதன வீடு ஐயா. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.”

இராசநாயகம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இவர் பெருமையோடு வீட்டுக்கு வந்தார்.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்தபோது முழுச் சம்பளத்துக்கும் வரி போட்டிருந்தது. வட்டியில் ஒரு சதம் கழிக்கவில்லை. கூடவே ஒரு குறிப்பு: வீடும் கடனும் மனைவியுடையவை, அவற்றோடு தமக்குச் சம்பந்தமில்லை என்று வரி செலுத்துபவரே கூறியுள்ளார், வாடகையும் இல்லாதபடியால் அவ்வீட்டின் வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். உழைத்தபோது என் வீடு அவருடைய வீடு. நட்டப்பட்டபோது அது என்னுடைய வீடு. என்ன அநியாயம் இது? சந்தையில் மீன் விற்கிறவள்கூட ஒரே தராசில் இரண்டு மாதிரி நிறுக்க மாட்டாள். நிறுத்தால் கூடையைப் பிடுங்கி எறிவார்கள். இவர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நிறுத்தார்கள்.

மூன்று கிழமைக்குள் மறுப்புக் கடிதம் போட வேண்டும் என்பது சட்டம். அவர் போட்டார். ஆனால் மறுப்புப் போட்டாலும் வரியைக் கட்டத்தான் வேண்டும், மேலிடம் மனது வைத்து நிறுத்திவைத்தால் ஒழிய. நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டார், பதிலே இல்லை. கையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் காணும். செட்டியாருக்குக் கட்டுவதா, அரசாங்கத்துக்குக் கட்டுவதா? நான் செட்டியாருக்கு என்றேன். அவர் அரசாங்கத்துக்குக் கட்டினார். கம்பனி வேலை செய்கிறவன் வரி கட்டாமல் வழக்கில் நின்றால் துரை முகத்தில் முழிக்க ஏலாது என்றார்.

இரண்டு தவணை வட்டி நின்றது. செட்டியாரின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு. சித்திரை முடியுமுன் நிலுவையைக் கட்டாவிட்டால் ஈட்டு வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவோம் என்று. சுவர் விழுந்து கிடந்தாலும் அது துறைமுகத்துக்குப் பக்கத்து வளவு. வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கமலாதேவி ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீசை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுப்பை விசாரிக்க நாற்பத்துநான்கு பங்குனியில் வருமானவரி உதவி ஆணையாளர் வந்தார். வயதான சிங்களவர், முன்பு மட்டக்களப்பில் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பார். அதே மண்டபம், அதே உடைந்த கண்ணாடி. இராசநாயகமும் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நானும் வருவேன் என்று நின்றேன். அங்கே பொம்பிளையள் வாறேல்லை என்றார் இவர். சம்பந்தமில்லை என்று சொன்ன நீங்கள் போகலாம், வீட்டுக்காரி நான் போகக் கூடாதா என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து எனக்காக நின்றார்.

விசாரணையில் என் புருஷன் முதலில் சட்டத்தைச் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார். வட்டியை வாடகையில் மட்டும்தான் கழிக்கலாம் என்று எங்கும் இல்லை, மொத்த வருமானத்தில் கழிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது என்றார். உதவி ஆணையாளர் தலையாட்டி, அதில் பிரச்சினையில்லை, வாடகை இல்லை என்ற இராசநாயகத்தின் அந்த ஒரு காரணம் நிற்காது என்றார். இராசநாயகம் விடவில்லை. கடன் கணவனுடையதாக இருந்தால்தானே கணவன் கழிக்கலாம்? அவரே சம்பந்தமில்லை என்று சொன்னது எழுத்தில் இருக்கிறது. குடும்பத்துக்குள் அப்படிப் பிரிந்திருந்தால், சேர்ந்து வாழுகிற மனைவி என்ற பேச்சே இல்லை என்றார்.

உதவி ஆணையாளர் என் புருஷனைப் பார்த்து, நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னது உண்மை. இல்லையென்று பொய் சொல்ல அவருக்கு வராது. அந்த வீடு என்னுடையது என்று சொல்லவும் வராது. பன்னிரண்டாயிரம் தொன் கப்பலுக்குக் கடதாசி எழுதுகிற மனிதன், அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் வாயடைத்து நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபமும் இராசநாயகத்தின்மேல் வந்த கோபமும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நான் எழும்பினேன்.

“ஐயா, ஒரு கேள்வி கேக்கலாமோ?”

கேளுங்கள் என்றார் உதவி ஆணையாளர்.

“ஒரு வெள்ளைக்காரத் துரை இருக்கிறார் எண்டு வையுங்கோ. அவற்ர பெண்சாதி நோனாவின்ர பேரில மலைநாட்டில ஒரு பங்களா. பங்களா சும்மா கிடக்குது, ஈட்டு வட்டி மட்டும் போகுது. அந்த வட்டியை ஆற்ர சம்பளத்தில கழிப்பியள்?”

என் புருஷன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவருக்கு உயிர் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். யார் அந்தத் துரை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை எழுதியவர் என் பக்கத்தில் இருந்தார். அதைப் பார்த்து, கேள்வி கேட்காமல் கழித்துவிட்டவர் எனக்கு முன்னால் இருந்தார். இராசநாயகம் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கூர் பார்க்கத் தொடங்கினார்.

“துரையின்ர சம்பளத்தில்தான்” என்றார் உதவி ஆணையாளர்.

“அந்தத் துரையிட்ட ஆராவது பங்களாவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமிருக்கோ எண்டு கேட்டவையோ? எங்கட ஆம்பிளையள் பெண்சாதியின்ர சொத்தைத் தங்கட எண்டு சொல்ல மாட்டினம். அது எங்கட ஊர் மானம். அந்த மானத்தைத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு எழுதி எடுத்து, அதுக்கு வரி போட்டிருக்கிறார் இவர். ஸெய்னுதீன் வாடகை தந்தபோது இவர் ஏன் சம்பந்தமிருக்கோ எண்டு கேக்கேல்லை?”

இராசநாயகம் எழுத்தில் இருப்பதைத்தான் தான் பார்த்ததாகவும், தனக்கு யார்மேலும் கோபமில்லை என்றும் மெல்லச் சொன்னார். அவருக்குக் கோபமில்லையாம். கோபமில்லாமலே ஒரு குடும்பத்தின் வீட்டை ஏலத்துக்குத் தள்ள முடிகிறதே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உதவி ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். குரல் தன்மையாகத்தான் இருந்தது. சட்டம் உங்கள் பக்கம்தான் அம்மா, ஆனால் பிழையான வாக்குமூலம் ஒன்று எழுத்தில் இருக்கிறது, அதைத் திருத்தி எழுத வேண்டும், நீங்களே உங்கள் வாயால் சொன்னால் நான் எழுதிக்கொள்ளுகிறேன் என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். புருஷனோடு சேர்ந்து ஒரே வீட்டில் வாழுகிறீர்களா? ஓம் என்றேன். அந்த வீட்டில் வருகிற வருமானம் இவ்வளவு காலமும் அவருடைய வருமானமாகவே கணக்கில் போனதா? ஓம் என்றேன்.

“அப்ப, வரிக் கணக்கில உங்களுக்கெண்டு தனி வருமானமும் இல்லை, தனி நட்டமும் இல்லை. எல்லாம் அவருடையது. சரிதானே?”

இரண்டு ஓம் சொன்ன வாய் மூன்றாவதற்கு வரவில்லை. சற்று முன்னால் என் புருஷன் ஏன் வாயடைத்து நின்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் தகப்பன் எனக்கு எழுதிக் கொடுத்த வீடு. நான் ஈடு வைத்த வீடு. நான் கல் சுமப்பித்துக் கட்டிய இரண்டு அறை. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அது வரவிலும் செலவிலும் என்னுடையது இல்லை என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

கமலாதேவி நோட்டீசை மடித்து வைத்தது ஞாபகம் வந்தது.

“ஓம் ஐயா” என்றேன். “எனக்கெண்டு ஒண்டுமில்லை.”

அவர் எழுதினார். நான் கீழே கையெழுத்து வைத்தேன்.

திருத்திய மதிப்பீடு சித்திரை முதற் கிழமையில் வந்தது. வட்டி முழுவதையும் சம்பளத்தில் கழித்திருந்தார்கள். கூடுதலாகக் கட்டிய வரிக்குக் காசோலையும் கூடவே வந்தது. என் புருஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நீர் கதைச்சிருக்காட்டி இது நடந்திராது என்று வாய்விட்டுச் சொன்னார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் கடிதத்தை வாங்கி வாசித்தேன். திருவாளர் சிவபாதம் அவர்களுக்கு, தங்களுடைய மறுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, தாங்கள் செலுத்திய வட்டி, தங்களுடைய வருமானம், தங்களுடைய காசோலை. மேலிருந்து கீழ்வரை தேடினேன். பத்மாசனி என்ற பெயர் எங்கும் இல்லை.

அன்றைக்கே செட்டியார் கடைக்கு இரண்டு பேரும் போனோம். என் புருஷன் காசோலையை மாற்றிய காசோடு சம்பளத்தையும் சேர்த்து, நிலுவை முழுவதையும் எண்ணி மேசையில் வைத்தார். கணக்குப்பிள்ளை அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பேனையை மையில் தோய்த்தார். கடன்காரி பெயர் என்ன என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும், எத்தனையோ தரம் எழுதிய பெயர்தான். ஆனாலும் நான் தகப்பன் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொன்னேன். அவர் ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். கடன் மட்டுமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நான் அந்த ரசீதை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். என் புருஷன் கேட்டும் கொடுக்கவில்லை.